குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்த ஊடகத்தில் லாக் ஓபரான்: முதலாண்டு மாணவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

லாக்டோஸை உணவாக்கும் மரபணுக்களின் தொகுப்பான லாக் ஓபரானை முதன்முறையாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். லாக்டோஸ் உண்டு, குளுக்கோஸ் இல்லை என்றால் ஓபரான் முழுமையாக இயங்கும். இரண்டும் இருந்தால் குறைவாக இயங்கும். மற்ற இரண்டு நிலைகளிலும் இயங்காது. அட்டவணையில் பிழையில்லை. ஆனால் தேர்வில் ஒரு பிறழ்வுற்ற செல்லைக் கொடுத்து, அது எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டால் அட்டவணை கைகொடுக்காது. ஆகவே இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு குடுவையை எடுத்துக்கொண்டு, அதற்குள் வளரும் எஷரிசியா கோலி பாக்டீரியா மணிக்கு மணி என்ன செய்கிறது என்பதைத் தொடர்ந்து பார்ப்போம். ஊடகத்தில் ஒரு சர்க்கரை இருப்பதும், அந்தச் சர்க்கரை பற்றிய செய்தி டி.என்.ஏவை எட்டுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதை மட்டும் தொடக்கத்திலிருந்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் வருபவை.

படி 1: குடுவையைத் தயார் செய்து, வளர்ச்சிக் கோட்டை வரைதல்

லிட்டருக்கு 0.4 கிராம் குளுக்கோஸும் 1.6 கிராம் லாக்டோஸும் கரைந்த, வேறு கரிம உணவு எதுவும் இல்லாத உப்பு ஊடகம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் முந்தைய இரவு குளுக்கோஸில் வளர்ந்த செல்களைச் சிறிதளவு சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் குலுக்கிக்கொண்டே வளர்க்கிறோம். இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிது திரவம் எடுத்து, 600 நானோமீட்டர் ஒளியில் அதன் கலங்கலை அளக்கிறோம். செல்கள் பெருகப் பெருகக் கலங்கல் கூடும் என்பதால் அதுவே நமக்குச் செல் எண்ணிக்கையின் அளவுகோல்.

கோடு முதலில் சீராக ஏறும். கலங்கல் ஏறத்தாழ 0.5 என்னும் அளவை எட்டும்போது ஏற்றம் நின்று, கோடு சிறிது நேரம் கிடைமட்டமாகச் செல்லும். அதன் பிறகு மீண்டும் ஏறத் தொடங்கும். இந்த இரண்டாம் ஏற்றம் வழக்கமாக முதலாவதைவிடச் சற்று மெதுவானது. இப்படி இரு கட்டங்களாக நிகழும் வளர்ச்சியை 1941ஆம் ஆண்டில் பாரிஸில் ஆய்வு செய்த ழாக் மோனோ அதற்கு டையாக்சி என்று பெயரிட்டார். அந்தச் சிறிய கிடைமட்டத்துக்கு விளக்கம் தேடிய பயணம்தான், ஃபிரான்சுவா ஜாக்கோபுடன் சேர்ந்து 1961இல் அவர் வெளியிட்ட ஓபரான் கருத்தில் சென்று முடிந்தது.

கோடு தட்டையாகும் இடத்தில் தீர்ந்துபோனது குளுக்கோஸ்தானா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்துப் பார்த்துவிடலாம். இன்னொரு குடுவையில் குளுக்கோஸை மட்டும் பாதியாக, அதாவது லிட்டருக்கு 0.2 கிராமாகக் குறைத்தால், கோடு ஏறத்தாழ பாதி உயரத்திலேயே தட்டையாகும். லாக்டோஸின் அளவை மாற்றினால் அந்த இடம் நகராது. ஆக, முதல் கட்டத்தில் செல்கள் குளுக்கோஸை மட்டுமே உண்டன. அதைவிட நான்கு மடங்கு லாக்டோஸ் பக்கத்திலேயே இருந்தும் அதைத் தொடவில்லை. ஏன் என்பதே நம் கேள்வி.

படி 2: டி.என்.ஏவில் உள்ள பகுதிகளை அடையாளம் காணுதல்

இங்கே நீண்ட நேரம் செலவிட வேண்டாம். லாக்டோஸைச் செல்லுக்குள் கொண்டுவரும் பெர்மியேஸ் என்னும் கடத்திப் புரதத்துக்கு லாக்-ஒய் மரபணுவும், உள்ளே வந்த லாக்டோஸை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதிக்கு லாக்-இசட் மரபணுவும் பொறுப்பு. மூன்றாவதாக உள்ள லாக்-ஏ மரபணு லாக்டோஸை உணவாக்குவதற்குத் தேவையில்லை. மூன்றும் ஒரே நீண்ட தூது ஆர்.என்.ஏவாகப் படியெடுக்கப்படுகின்றன, எனவே ஒன்று கூடினால் மற்றவையும் கூடும்.

இவற்றுக்கு முன்னால் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் வந்து அமரும் புரோமோட்டர் உள்ளது. படியெடுத்தல் தொடங்கும் இடத்தையே மூடியவாறு ஆபரேட்டர் உள்ளது. புரோமோட்டருக்கும் முன்னால், தொடக்க இடத்திலிருந்து சுமார் 60 எழுத்துகள் தள்ளி, கேப் என்னும் புரதம் அமரும் இடம் உள்ளது. ஆபரேட்டரில் அமர்ந்து படியெடுத்தலைத் தடுக்கும் ஒடுக்கிப் புரதத்துக்கான லாக்-ஐ மரபணு அருகிலேயே இருந்தாலும், தனக்கென ஒரு புரோமோட்டரைக் கொண்டது. சர்க்கரை எதுவாக இருந்தாலும் அது குறைந்த அளவில் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும்.

புரோமோட்டரைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் கூடுதலாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாலிமரேஸ் அடையாளம் காணும் ஆறெழுத்துத் தொடர்கள் இரண்டு உண்டு. மிக வலிமையாகப் பிணைவதற்கு ஏற்ற வடிவத்தோடு ஒப்பிட்டால், லாக் புரோமோட்டரில் ஒரு தொடர் ஓர் எழுத்திலும் மற்றொன்று இரண்டு எழுத்துகளிலும் மாறுபட்டிருக்கிறது. அதனால் இது பலவீனமான புரோமோட்டர். தடை எதுவும் இல்லாவிட்டாலும் பாலிமரேஸ் இங்கே தயங்கியே அமரும். ஒடுக்கியை நீக்கினால் மட்டும் போதாது, கேப் புரதத்தின் உதவியும் வேண்டும் என்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது.

படி 3: முதல் கேள்வி – ஒடுக்கி ஆபரேட்டரில் அமர்ந்திருக்கிறதா?

ஒடுக்கிப் புரதம் நான்கு ஒரேமாதிரியான அலகுகள் சேர்ந்த ஒன்று. ஒரு செல்லில் இத்தகைய மூலக்கூறுகள் பத்து அளவில்தான் இருக்கும். வால்டர் கில்பர்ட்டும் பென்னோ மியூலர்-ஹில்லும் 1966இல் அதைப் பிரித்தெடுத்தது பெருஞ்சாதனையாகக் கருதப்பட்டதற்கு இந்த அருமையும் ஒரு காரணம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பிடி உறுதியானது. முதன்மை ஆபரேட்டரைத் தவிர அருகில் இரண்டு துணை ஆபரேட்டர்களும் உண்டு. ஒரே ஒடுக்கி மூலக்கூறு முதன்மை ஆபரேட்டரை ஒரு கையாலும் துணை ஆபரேட்டர் ஒன்றை மறு கையாலும் பற்றிக்கொள்ளும்போது, இடையில் உள்ள டி.என்.ஏ வளையமாக வளைகிறது. ஒரு கை நழுவினாலும் மறு கை பிடித்திருப்பதால் ஒடுக்கி தொலைவில் சென்றுவிடுவதில்லை.

இருந்தாலும் அந்தப் பிடி எப்போதாவது முழுமையாக விடுபடும். அந்தச் சிறு இடைவெளியில் பாலிமரேஸ் புகுந்து ஓரிரு தூது ஆர்.என்.ஏக்களை உருவாக்கிவிடும். ஆகவே "அணைந்த" நிலையிலும் செல்லில் சில பெர்மியேஸ் மூலக்கூறுகளும் சில பீட்டா-கேலக்டோசிடேஸ் மூலக்கூறுகளும் இருக்கும். முழுமையாக இயங்கும் செல்லில் இருப்பதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் இது. இந்தக் கசிவு இல்லையென்றால் முதல் லாக்டோஸ் மூலக்கூறு உள்ளே வருவதற்கு வழியே இருக்காது.

உள்ளே வந்த லாக்டோஸ் நேராக ஒடுக்கியிடம் சென்று அதை விலக்குவதில்லை. இது பல குறிப்பேடுகளில் தவறாக எழுதப்படும் இடம். பீட்டா-கேலக்டோசிடேஸ் லாக்டோஸை உடைக்கும்போது, ஒரு பகுதியை உடைக்காமல் அதன் பிணைப்பை மட்டும் இடம் மாற்றி அல்லோலாக்டோஸ் என்னும் வேறொரு சர்க்கரையாக ஆக்குகிறது. அந்த அல்லோலாக்டோஸ்தான் ஒடுக்கியோடு இணைந்து அதன் வடிவத்தை மாற்றுகிறது. வடிவம் மாறிய ஒடுக்கியால் ஆபரேட்டரை உறுதியாகப் பற்ற முடியாது.

இந்த நுணுக்கத்துக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்றால், லாக்-இசட் மரபணு செயலிழந்த செல்லை எண்ணிப் பாருங்கள். அதன் ஒடுக்கி, ஆபரேட்டர், பெர்மியேஸ் மரபணு எல்லாம் சரியாகவே உள்ளன. ஆனால் லாக்டோஸைக் கொடுத்தால் அங்கே ஓபரான் தூண்டப்படாது, ஏனெனில் தூண்டியான அல்லோலாக்டோஸை உருவாக்கும் நொதியே இல்லை. அதே செல்லுக்கு ஐ.பி.டி.ஜி என்னும் செயற்கைத் தூண்டியைக் கொடுத்தால் ஓபரான் இயங்கும். ஐ.பி.டி.ஜி எந்த நொதியின் உதவியும் இன்றி நேராக ஒடுக்கியோடு இணைவதும், செல்லால் உடைத்து உண்ணப்படாததும் இதற்குக் காரணம்.

படி 4: இரண்டாம் கேள்வி – கேப் புரதம் தயாராக இருக்கிறதா?

கேப் புரதம் தனியாக டி.என்.ஏவில் உறுதியாக அமராது. சைக்ளிக் ஏ.எம்.பி என்னும் சிறு மூலக்கூறு அதனோடு இணைந்த பிறகே அது தன் இடத்தைப் பற்றும். பற்றியபின், பக்கத்தில் வந்து அமரும் பாலிமரேஸைத் தொட்டுப் பிடித்து, பலவீனமான அந்தப் புரோமோட்டரில் நிலைநிறுத்துகிறது.

குளுக்கோஸ் இருக்கும்போது சைக்ளிக் ஏ.எம்.பி குறையும் என்று பாடநூல்கள் கூறுகின்றன. எப்படிக் குறைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த படி எளிதாகிவிடும். எஷரிசியா கோலி குளுக்கோஸை உள்ளே எடுக்கும்போதே அதன்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. அந்தப் பாஸ்பேட், தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறுவதுபோல, சில புரதங்களின் வழியே கைமாறி வருகிறது. அவற்றில் ஒன்றை இங்கே "இரண்டு-ஏ புரதம்" என்று அழைப்போம். குளுக்கோஸ் தொடர்ந்து உள்ளே வரும்வரை, இந்தப் புரதம் தன் கையில் உள்ள பாஸ்பேட்டை உடனுக்குடன் கொடுத்துவிடுவதால் பெரும்பாலும் வெறுங்கையோடு இருக்கும். குளுக்கோஸ் தீர்ந்துவிட்டால் வாங்குவோர் இல்லாததால் பாஸ்பேட் அதன் கையிலேயே தங்கிவிடும். பாஸ்பேட் ஏந்திய இரண்டு-ஏ புரதம், சைக்ளிக் ஏ.எம்.பியை உருவாக்கும் அடினைலேட் சைக்ளேஸ் நொதியைத் தூண்டுகிறது. குளுக்கோஸ் மூலக்கூறு எதையும் நேராகச் சென்று தடுப்பதில்லை. அது உள்ளே வந்துகொண்டிருக்கிறதா என்பதையே செல் இந்தப் பாஸ்பேட் ஓட்டத்தின் மூலம் உணர்கிறது.

படி 5: பலர் விட்டுவிடும் மூன்றாம் கேள்வி – தூண்டி செல்லுக்குள் வந்து சேர்ந்ததா?

மேலே கூறிய இரண்டு கேள்விகளை மட்டும் வைத்து நம் குடுவையை விளக்க முயன்றால் ஓர் இடைவெளி தெரியும். ஊடகத்தில் லாக்டோஸ் ஏராளமாக உள்ளது. அப்படியானால் ஒடுக்கி விலகியிருக்க வேண்டும்; கேப் உதவி இல்லாவிட்டாலும் ஓரளவாவது நொதி உருவாகி, செல் இரண்டு சர்க்கரைகளையும் சேர்த்தே உண்ணத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் முதல் கட்டத்தில் நொதி ஏறத்தாழ கசிவு அளவிலேயே நிற்கிறது.

விடை அதே இரண்டு-ஏ புரதத்தில் உள்ளது. வெறுங்கையோடு இருக்கும் அந்தப் புரதம், உள்ளிருந்தபடியே பெர்மியேஸுடன் இணைந்து, லாக்டோஸ் நுழையும் வாயிலை அடைத்துவிடுகிறது. லாக்டோஸ் உள்ளே வராததால் அல்லோலாக்டோஸ் உருவாவதில்லை; ஒடுக்கி தன் இடத்திலேயே அமர்ந்திருக்கிறது. இதற்குத் தூண்டி விலக்கம் என்று பெயர். ஆகவே குளுக்கோஸ் லாக் ஓபரானை இரண்டு இடங்களில் தொடுகிறது: ஒன்று கேப் வழியாக, மற்றொன்று வாயிலை அடைப்பதன் மூலம்.

என் கருத்தில், டையாக்சியை விளக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது வாயில் அடைபடுவதைத்தான். பல பாடநூல்கள் கேப் பகுதியை மட்டும் விரிவாகக் கூறி இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. 1990களில் ஜப்பானில் செய்யப்பட்ட சோதனைகள் இதைத் தெளிவாக்கின. குளுக்கோஸை உண்ணும் கட்டத்திலும் பின்னர் லாக்டோஸை உண்ணும் கட்டத்திலும் செல்லில் உள்ள சைக்ளிக் ஏ.எம்.பி அளவில் பெரிய வேறுபாடு இல்லை. இடையில் உள்ள தேக்க நேரத்தில் மட்டுமே அது தற்காலிகமாக உயர்கிறது. கேப் புரதமும் சைக்ளிக் ஏ.எம்.பியும் லாக் ஓபரானுக்கு இன்றியமையாதவைதாம்; ஆனால் நம் குடுவையில் லாக்டோஸை ஒதுக்கிவைப்பதில் பெரும்பங்கு வாயிலை அடைப்பதற்கே உரியது.

படி 6: நொதியை அளந்து உறுதிப்படுத்துதல்

நாம் கூறியதெல்லாம் உண்மையா என்பதைப் பீட்டா-கேலக்டோசிடேஸை அளந்து பார்க்கலாம். இதற்கு ஓ.என்.பி.ஜி என்னும் நிறமற்ற பொருளைப் பயன்படுத்துகிறோம். நொதி அதை உடைத்தால் மஞ்சள் நிறம் தோன்றும். குடுவையிலிருந்து மாதிரியை எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து வளர்ச்சியை நிறுத்துங்கள். பின்னர் சிறிது குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கிச் செல் சவ்வைத் துளையிட வேண்டும்; இல்லையெனில் ஓ.என்.பி.ஜி உள்ளே செல்லும் வேகத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். ஓ.என்.பி.ஜி சேர்த்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மஞ்சள் தெளிவாகத் தெரிந்ததும் சோடியம் கார்பனேட் கரைசலைச் சேர்த்து வினையை நிறுத்துங்கள். 420 நானோமீட்டரில் மஞ்சளையும் 550 நானோமீட்டரில் செல் சிதைவுகளின் கலங்கலையும் அளந்து, மில்லர் அலகு என்று வழங்கும் அளவைக் கணக்கிடுகிறோம்.

```
1000 × (A420 − 1.75 × A550) / (t × v × A600)
```

இதில் A420, A550, A600 என்பவை அந்தந்த நானோமீட்டர் ஒளியில் கிடைத்த அளவுகள், t என்பது நிமிடங்களில் வினை நேரம், v என்பது மில்லிலிட்டரில் மாதிரியின் அளவு. கோடு தட்டையாவதற்குச் சற்று முன், A600 அளவு 0.5 இருக்கையில், 0.5 மில்லிலிட்டர் மாதிரியை எடுத்து 60 நிமிடம் வைத்ததாகக் கொள்வோம். A420 அளவு 0.03, A550 அளவு 0.01 எனக் கிடைத்தால், மேற்பகுதி 12.5, கீழ்ப்பகுதி 15. விடை ஒன்றுக்கும் குறைவு. இரண்டாம் ஏற்றத்தில், செல் அடர்த்தி சமமாகும்படி நீர்த்த மாதிரியில் 0.1 மில்லிலிட்டர் எடுத்து 15 நிமிடம் மட்டும் வைத்து, 0.45, 0.02 எனக் கிடைத்தால், மேற்பகுதி 415, கீழ்ப்பகுதி 0.75, விடை ஏறத்தாழ 553. இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்களே என்றாலும், வேறுபாட்டின் பரிமாணம் இப்படித்தான் இருக்கும்.

செய்முறை வகுப்பில் இரண்டு பிழைகளை மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். நிறத்தின் அடர்த்தியை மட்டும் ஒப்பிட்டு, செல் எண்ணிக்கையாலும் நேரத்தாலும் வகுக்க மறப்பது ஒன்று. அதிக நொதி உள்ள மாதிரியை நெடுநேரம் விட்டுவிடுவது மற்றொன்று, அப்போது ஓ.என்.பி.ஜி தீர்ந்து மஞ்சள் அதற்குமேல் கூடாது, நொதி உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும். வினை நேரத்தைப் பாதியாக்கிப் பார்த்து, நிறமும் பாதியாகிறதா என்று சோதித்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது தவறு அளவீட்டில் அன்று, விளக்கத்தில் நேர்வது. லாக்டோஸில் வளர்ந்துகொண்டிருக்கும் செல்களுக்குக் குளுக்கோஸ் சேர்த்தால், மில்லர் அலகு உடனே பூச்சியத்துக்கு விழும் என்று மாணவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அது விழாது. தடைபடுவது புதிய நொதி உருவாவதுதான்; ஏற்கெனவே உருவான நொதி நிலையானது. செல்கள் இரண்டாகப் பிரியும்போது அது பங்கிடப்படுகிறது. எனவே புதிய உற்பத்தி அறவே நின்றுவிட்டால்கூட, அலகு ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதி பாதியாகவே குறையும்.

படி 7: மூன்று கேள்விகளையும் ஒரு பிறழ்வுக்குப் பொருத்துதல்

இப்போது லாக்-ஐ மரபணு செயலிழந்த செல்லை நம் குடுவையில் வளர்ப்போம். ஒடுக்கி அமர்ந்திருக்கிறதா என்றால், ஒடுக்கியே இல்லை. ஆகவே தூண்டி உள்ளே வந்ததா என்னும் கேள்வி படியெடுத்தலைப் பொறுத்தவரை பொருளற்றதாகிறது. எஞ்சியிருப்பது கேப் புரதம் மட்டுமே. குளுக்கோஸ் உள்ளபோது அதன் உதவி குறைவு, ஆனால் அறவே இல்லாமல் போவதில்லை. எனவே முதல் கட்டத்திலேயே நொதியும் பெர்மியேஸும் கணிசமாக உருவாகியிருக்கும்.

இவற்றை வைத்துக்கொண்டு செல் முதல் கட்டத்தில் லாக்டோஸைத் தாராளமாக உண்ணுமா? பெர்மியேஸ் உருவாகியிருந்தாலும் இரண்டு-ஏ புரதத்தின் அடைப்பு அதன்மீது இன்னும் செயல்படும் என்பதால், குளுக்கோஸ் இருக்கும்வரை லாக்டோஸின் வரவு பெரிதும் கட்டுப்படும். ஆனால் குளுக்கோஸ் தீர்ந்த கணத்தில் இரண்டு-ஏ புரதம் பாஸ்பேட்டை ஏந்திக்கொள்கிறது, அடைப்பு விலகுகிறது. உள்ளே நொதி ஏற்கெனவே தயாராக இருப்பதால், அதை உருவாக்குவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வளர்ச்சிக் கோட்டில் தேக்கம் மறைந்துவிடுகிறது. சாதாரணச் செல்லுக்குத் தொடக்கத்திலேயே ஐ.பி.டி.ஜி கொடுத்தாலும் அந்தக் கிடைமட்டம் மறைவதைக் காணலாம், ஏனெனில் ஐ.பி.டி.ஜி பெர்மியேஸின் வாயில் அடைபட்டிருக்கும்போதும் செல்லுக்குள் ஊடுருவி ஒடுக்கியை விலக்கிவிடுகிறது.

இதே முறையில் அடினைலேட் சைக்ளேஸ் செயலிழந்த செல்லை நீங்களே எடுத்துப் பாருங்கள். ஐ.பி.டி.ஜி கொடுத்தால் ஒடுக்கி விலகும். ஆனால் சைக்ளிக் ஏ.எம்.பி இல்லாததால் கேப் அமராது, குளுக்கோஸே இல்லாத ஊடகத்திலும் நொதி குறைவாகவே இருக்கும். அந்த ஊடகத்தில் வெளியிலிருந்து சைக்ளிக் ஏ.எம்.பி சேர்த்தால் நொதி உயர வேண்டும். உயராவிட்டால் பிழை சைக்ளேஸில் மட்டும் இல்லை. அடுத்ததாகக் கேப் புரதத்தின் மரபணுவைச் சோதிக்க வேண்டும்.